ஒரே ஆள், ஒரே நேரத்தில் மூன்று வேலை: கன்ட்ரோல் இன்ஜினியரை எந்த வரிசையில் அனுப்புவது?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி நடத்துபவர்களுக்கு வருஷத்தில் தள்ளிப்போட முடியாத நாள் ஒன்று உண்டு. பெங்களூரா பழம் ஏற்றிய லாரி கேட்டில் வந்து நிற்கிற நாள் அது. மற்ற தொழிலில் மெஷின் ஒரு வாரம் தாமதமானால் ஒரு வாரம் கழித்து ஓட்டலாம். பழுத்த பழம் காத்திருக்காது. விவசாயியும் அடுத்த ஃபேக்டரியின் எடைமேடைக்குப் போய்விடுவார்.

அப்படி ஒரு ஃபேக்டரியில் இரண்டாவது லைன் போட்டபோது பிளான் போட்டுக் கொடுத்தது நான். மே முதல் வாரத்தில் பேனலுக்குக் கரண்ட் கொடுத்தாயிற்று. ஞாயிறு விடுமுறை போக, அந்த நாளிலிருந்து 27 வேலை நாளில் லைன் தயாராக வேண்டும். 28-ம் நாள் பழம் வரும். என் பிளானில் 20-ம் நாளே வேலை முடிவதாக இருந்தது. கையில் 7 நாள் மிச்சம் என்று ஓனரும் நிம்மதியாக இருந்தார்.

மறுநாள் காலை ஓசூரிலிருந்து வந்த கன்ட்ரோல் இன்ஜினியர் தம்பி, பிரிண்ட் எடுத்த பார் சார்ட்டை என் முன்னால் விரித்தார். "அண்ணா, மூணு பார்லயும் என் பேர் இருக்கு. மூணும் இன்னைக்குத்தான் ஆரம்பிக்குது. நான் எங்க நிக்கட்டும்?" என்றார். அந்த 7 நாள் அங்கேயே போய்விட்டது.

இந்த நிலைமையில் எடுக்கக்கூடிய வழிகள் ஐந்தாறு உண்டு. அவற்றை அந்தத் திட்டத்தின் எண்களை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலான பிளானர்கள் நேராக மென்பொருளில், ஒரே ஆளின் வேலைகளைத் தானாகத் தள்ளி அடுக்கும் லெவலிங் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

## திட்டம் இதுதான்

மூன்று பகுதிகள். முதலாவது சி.ஐ.பி., அதாவது டாங்கையும் பைப்பையும் கழற்றாமலே கழுவும் ஏற்பாடு. இரண்டாவது பல்பர், பழத்தைப் பிழிந்து சல்லடையில் வடிக்கும் பகுதி. மூன்றாவது ஸ்டெரிலைசரும் பையில் நிரப்பும் மெஷினும். மூன்றிலும் மெஷினை இயக்கும் பி.எல்.சி. என்ற சிறு கணினியின் புரோகிராம், சென்சார், வால்வு எல்லாம் ஓட வைப்பது அந்தத் தம்பியின் வேலை. அவர் முடித்த பிறகு அவர் இல்லாமலே நடக்கும் வேலை ஒன்று ஒவ்வொரு பகுதியிலும் உண்டு. அதை இங்கே பின்வேலை என்று சொல்கிறேன்.

| பகுதி | தம்பியின் வேலை | பின்வேலை |
|---|---|---|
| சி.ஐ.பி. | 6 நாள் | 4 நாள் (காஸ்டிக், நைட்ரிக் அமிலம் விட்டுப் புது பைப்பைக் கழுவுவது) |
| பல்பர் | 8 நாள் | 3 நாள் (தண்ணீர் விட்டு ஓட்டி வேகம், சல்லடை இடைவெளி சரிபார்ப்பது) |
| ஸ்டெரிலைசர் | 10 நாள் | 6 நாள் (வெப்பநிலை நிற்கிறதா என்ற சோதனை, நிரப்பிய பைகளை வைத்துப் பார்ப்பது) |

மூன்றின் பின்வேலையும் முடிந்த பிறகு முழு லைனுக்கும் 4 நாள் டிரையல். அதற்கும் தம்பி வேண்டும். ஸ்டெரிலைசர் தனக்கென்று கழுவும் ஏற்பாட்டோடு வந்ததால் அது சி.ஐ.பி.க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆளைப் பற்றி யோசிக்காமல் கணக்குப் போட்டால் மூன்றும் ஒன்றாகத் தொடங்கும். ஸ்டெரிலைசர் 10 நாள், பின்வேலை 6 நாள், டிரையல் 4 நாள், ஆக 20. மிக நீளமான அந்தப் பாதைதான் கிரிட்டிக்கல் பாதை. சி.ஐ.பி. பின்வேலையோடு 10-ம் நாள் முடிகிறது. டிரையல் 16-ம் நாள் முடிந்த பிறகுதான் தொடங்கும் என்பதால் அதற்கு 6 நாள் ஃப்ளோட், அதாவது முடிவுத் தேதி நகராமல் தள்ளிப்போடக்கூடிய நாள். பல்பர் 11-ல் முடிகிறது, அதற்கு 5 நாள் ஃப்ளோட். காகிதத்தில் எல்லாம் சரி. முதல் 6 நாளுக்கு ஒரு தம்பி மூன்று தம்பியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் குறை.

## ஃப்ளோட்டுக்குள் நகர்த்துவது

முதலில் தோன்றும் வழி, முடிவுத் தேதியைத் தொடாமல் ஃப்ளோட் இருக்கும் வேலைகளை மட்டும் தள்ளுவது. இதை ஸ்மூத்திங் என்பார்கள். லெவலிங்கிற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெயரளவில் இல்லை. ஸ்மூத்திங்கில் முடிவுத் தேதி நகராது, அதனால் ஆள் நெருக்கடி முழுக்கத் தீராமலும் போகலாம். லெவலிங்கில் நெருக்கடி தீர்ந்தே ஆக வேண்டும், அதற்காக முடிவுத் தேதி நகரலாம்.

நமக்கு ஸ்மூத்திங் போதுமா என்று பார்க்க மென்பொருள் தேவையில்லை. டிரையல் தள்ளிப்போகாமல் இருக்க, தம்பி தன் மூன்று வேலைகளையும் எந்த நாளுக்குள் முடித்தாக வேண்டும்? ஸ்டெரிலைசரை 10-ம் நாளுக்குள், சி.ஐ.பி.யை 12-ம் நாளுக்குள், பல்பரை 13-ம் நாளுக்குள். ஆக 13 நாளுக்குள் 6, 8, 10 சேர்ந்து 24 நாள் வேலை. ஓர் ஆளால் முடியாது, இரண்டு ஆளுக்கே 26 நாள்தான் இருக்கிறது. எந்தப் பாரை எங்கே நகர்த்தினாலும் இது மாறாது.

இந்தக் கூட்டலை நான் எப்போதும் முதலில் போடுவேன். ஓர் ஆளின் மொத்த வேலை நாள்கள் ஒரு பக்கம், அவர் முடித்தாக வேண்டிய கடைசித் தேதி இன்னொரு பக்கம். முதலாவது இரண்டாவதை விடச் சிறியதாக இருந்தால் ஸ்மூத்திங் பண்ணிப் பார்க்கலாம். இங்கே போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்தால், மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் `Level only within available slack` என்ற பெட்டியை டிக் பண்ணி அரைநாள் போராடுவதில் பயனில்லை.

## நேரத்தைப் பங்கு போடுவது

அடுத்தது ஓனர் சொன்ன வழி. "காலையில ஸ்டெரிலைசர், மத்தியானம் பல்பர், சாயங்காலம் சி.ஐ.பி. பாக்கட்டும் சார். மூணும் நகர்ந்துக்கிட்டே இருக்கும்ல?" என்றார். மூன்று இடத்திலும் ஏதோ நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதால் பணம் போட்டவருக்கு இது ஆறுதலாக இருக்கும். அதனால்தான் இதைக் கணக்கோடு காட்டியாக வேண்டும்.

மூன்றில் ஒரு பங்கு நேரம் கொடுத்தால் 6 நாள் சி.ஐ.பி. வேலை 18-ம் நாள் முடியும். அந்த நேரத்தில் பல்பரில் 2 நாள், ஸ்டெரிலைசரில் 4 நாள் பாக்கி. அப்புறம் இரண்டுக்கும் பாதிப் பாதி. பல்பர் 22-ம் நாளும் ஸ்டெரிலைசர் 24-ம் நாளும் முடியும். ஸ்டெரிலைசருக்குப் பின்வேலை 6 நாள் இருப்பதால் டிரையல் 30-ம் நாளுக்குப் பிறகுதான். முடிவு 34.

எதிலும் நேரம் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. நிஜத்தில் ஒரு பேனலை மூடி இன்னொன்றைத் திறந்து, லேப்டாப் கேபிளை மாற்றி, நேற்று எந்த வரியில் நிறுத்தினோம் என்று தேடுவதற்கே நேரம் போகும். நாளுக்கு ஒரு மணி நேரம் அதில் போகிறது என்று வைத்தால்கூட 24 நாள் வேலை 27 நாளைத் தாண்டும், முடிவு 37-ஐத் தாண்டும்.

மென்பொருளில் இதைச் செய்பவர்கள் இன்னொரு தவறும் செய்கிறார்கள். மூன்று வேலையிலும் அவர் பெயருக்கு நேராக 33% என்று போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். மென்பொருள் அதைக் கடைசிவரை 33% ஆகவே வைத்திருக்கும், முதல் வேலை முடிந்து ஆள் விடுபட்டார் என்று அதற்குத் தெரியாது. ஸ்டெரிலைசர் பார் 30 நாளுக்கு நீளும், திட்டம் 40-ல் போய் நிற்கும். ஆளுக்கு வேலை கூடிப்போனதைக் காட்டும் சிவப்பு ஆள் படம் மறைந்துவிட்டதே என்று சந்தோஷப்படுவோம், ஆனால் அந்தத் தேதிகளில் ஒன்றுகூட நிஜம் இல்லை. `Max. Units` என்ற இடத்தில் 300% என்று போட்டு சிவப்பை மறைப்பதும் இதே வகைதான்.

## ஒன்றன்பின் ஒன்றாக, ஆனால் எந்த வரிசை?

சரி, பங்கு போடாமல் ஒரு பகுதியை முழுக்க முடித்து அடுத்ததற்குப் போகட்டும். உண்மையான லெவலிங் இதுதான். இங்கே வரிசைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

என் பிளானில் வரிசை எண் சி.ஐ.பி., பல்பர், ஸ்டெரிலைசர் என்று இருந்தது. `Leveling order` என்ற இடத்தில் `ID Only` என்று வைத்தால் மென்பொருள் அதே வரிசையில் அடுக்கும். சி.ஐ.பி. 6-ல், பல்பர் 14-ல், ஸ்டெரிலைசர் 24-ல் முடியும். பின்வேலை 6, டிரையல் 4, ஆக 34. பங்கு போட்டபோது வந்த அதே 34. காரணம் ஒன்றேதான். நீளமான பின்வேலை உள்ள பகுதி கடைசியில் போய் மாட்டிக்கொண்டது.

ஃப்ளோட் குறைவாக உள்ளது முதலில் என்ற விதியைப் பலர் கைக்கணக்கில் பின்பற்றுகிறார்கள். அதன்படி ஸ்டெரிலைசர் (0), பல்பர் (5), சி.ஐ.பி. (6). ஸ்டெரிலைசர் 10-ல் முடிந்து, பின்வேலையோடு 16. பல்பர் 18-ல் முடிந்து, பின்வேலையோடு 21. சி.ஐ.பி. 24-ல் முடிந்து, பின்வேலையோடு 28. டிரையல் முடிவது 32. முன்னதைவிட 2 நாள் மிச்சம், நல்லதுதான்.

இன்னும் ஒரு நாள் எடுக்கலாம். ஃப்ளோட்டைப் பார்க்காமல் பின்வேலையின் நீளத்தைப் பார்த்து அடுக்கினால் ஸ்டெரிலைசர் (6), சி.ஐ.பி. (4), பல்பர் (3) என்று வரும். ஸ்டெரிலைசர் பின்வேலையோடு 16, சி.ஐ.பி. 16-ல் முடிந்து பின்வேலையோடு 20, பல்பர் 24-ல் முடிந்து பின்வேலையோடு 27. டிரையல் முடிவது 31.

ஃப்ளோட் விதி ஏன் ஒரு நாள் தவறியது? பல்பரின் ஃப்ளோட் குறைவாக இருந்ததற்குக் காரணம் அதில் தம்பியின் வேலையே 8 நாள் என்பதுதான், அவருக்குப் பின்னால் வரும் வேலை நீளம் என்பதால் அல்ல. தம்பி எப்படியும் 24 நாளும் உழைக்கப் போகிறார். எதை முன்னால் செய்தாலும் அந்த 24 குறையாது. அவர் கடைசியாகக் கையை எடுக்கும் பகுதிக்குப் பிறகு எவ்வளவு வேலை தொங்கிக்கொண்டு இருக்கிறது என்பதுதான் முடிவை நிர்ணயிக்கிறது. அதனால் கடைசியில் நிற்க வேண்டியது மிகக் குட்டையான பின்வேலை. 24-ம் 3-ம் 4-ம் சேர்ந்து 31. அவர் வேலையைக் குறைக்காத வரைக்கும் எந்த வரிசையும், எந்த மென்பொருளும் 31-க்குக் கீழே போக முடியாது.

வேறு மாதிரி சொன்னால், எது எப்போது முடிந்தாக வேண்டும் என்ற கடைசித் தேதி வரிசை இது. ஸ்டெரிலைசர் 10, சி.ஐ.பி. 12, பல்பர் 13 என்று முதலில் பார்த்தோமே, அதே வரிசைதான். மென்பொருளில் இதைக் கொண்டுவர `Priority, Standard` என்று வைத்துக்கொண்டு, ஸ்டெரிலைசருக்கு 700, சி.ஐ.பி.க்கு 600, பல்பருக்கு 500 என்று நாமே கொடுக்கலாம். எண் பெரிதாக உள்ள வேலை முன்னால் நிற்கும், சிறிதாக உள்ளதைத்தான் மென்பொருள் முதலில் தள்ளும். 1000 மட்டும் போடக்கூடாது, அந்த வேலையைத் தொடவே கூடாது என்று அர்த்தம். `Must Start On` என்று தேதி பூட்டிய வேலைகளையும் அது நகர்த்தாது. லெவலிங் அழுத்தியும் சிவப்பு போகவில்லை என்றால் நான் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான்.

இந்த விதிக்கு ஓர் எல்லை உண்டு. மூன்று பகுதியும் முதல் நாளே அவர் கை வைக்கத் தயாராக இருந்தால்தான் அப்படியே பொருந்தும். ஸ்டெரிலைசர் பேனல் வர 3 நாள் தாமதம் என்று வையுங்கள். விதிப்படி அதுதான் முதல் என்று தம்பியை 3 நாள் உட்கார வைத்தால் முடிவு 34 ஆகிவிடும். அதற்குப் பதில் சி.ஐ.பி.யை முதலில் முடித்து, ஸ்டெரிலைசரை 16-ல் முடித்து, பல்பரைக் கடைசியில் வைத்தால் மறுபடியும் 31 தான். ஸ்டெரிலைசர் பின்வேலை 22-ல் முடிந்துவிடும், பல்பர் 27 வரை இழுக்கிறது, யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆள் சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் முடிவில் அப்படியே ஏறும், வரிசையில் முன்பின் ஆவது பல நேரம் ஏறாது.

சி.ஐ.பி.யைப் பாதியில் நிறுத்திவிட்டு ஸ்டெரிலைசர் வந்ததும் ஓட வேண்டுமா என்றும் கேட்கலாம். `Leveling can create splits in remaining work` என்ற பெட்டி அதைத்தான் அனுமதிக்கிறது. இந்தத் திட்டத்தில் அப்படிச் செய்தாலும் 31 தான். பலன் இல்லாத இடத்தில் வேலையைத் துண்டு போட நான் சம்மதிக்க மாட்டேன். பாதியில் விட்ட புரோகிராமைத் திரும்பத் தொடங்குவது எளிதல்ல.

## திரையில் தெரியும் 11 நாள்

31 நாள் பிளானைப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் ஃப்ளோட் நெடுவரிசையைப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்த வேண்டும். தம்பியின் ஸ்டெரிலைசர் வேலைக்கு 11 நாள் ஃப்ளோட் என்று காட்டும். பின்வேலை 16-ல் முடிகிறது, டிரையல் 27 முடிந்துதான், அதனால் 11. சி.ஐ.பி. வேலைக்கு 7 என்று காட்டும்.

இரண்டும் இல்லாத ஃப்ளோட். ஸ்டெரிலைசர் ஒரு நாள் நீண்டால் தம்பி சி.ஐ.பி.க்கு ஒரு நாள் தாமதமாகப் போவார், அங்கிருந்து பல்பருக்கும் தாமதமாகப் போவார், டிரையல் நகரும். உண்மையான ஃப்ளோட் பூஜ்யம். மென்பொருள் வேலைகளுக்கு நடுவே நாம் போட்ட இணைப்புகளை வைத்துத்தான் ஃப்ளோட்டைக் கணக்கிடுகிறது. லெவலிங் வேலையைத் தள்ளி வைக்கிறதே தவிர, ஒரே ஆள் என்பதால் இது முடிந்துதான் அது என்ற இணைப்பைப் போடுவதில்லை. லெவலிங் பண்ணிய பிளான்களில் இது அடிக்கடி நடக்கும். எலியாஹு கோல்ட்ராட் 1997-ல் முன்வைத்த கிரிட்டிக்கல் செயின் முறை ஆள் சார்ந்த இணைப்பையும் சேர்த்து நீளமான பாதையைப் பார்க்கச் சொல்வதும் இதனால்தான்.

இதற்கு நான் செய்வது, வரிசை முடிவானதும் `Clear Leveling` கொடுத்து அதை அழித்துவிட்டு, தம்பியின் மூன்று வேலைகளையும் கையால் சங்கிலி போடுவது. முதலாவது முடிந்ததும் இரண்டாவது, அது முடிந்ததும் மூன்றாவது. அந்த இணைப்புகளை குறிப்பில் "ஆள் இணைப்பு" என்று எழுதி வைப்பேன். அப்போது ஃப்ளோட் நேர்மையாகப் பூஜ்யம் காட்டும். இதில் ஒரு தொல்லை உண்டு. நடுவில் இன்னொரு இன்ஜினியர் வந்தால் அந்த இணைப்புகளைத் தேடிப்பிடித்து எடுக்க வேண்டும், மறந்தால் இரண்டு பேர் இருந்தும் பிளான் ஒருவருக்காகக் காத்திருக்கும். குறிப்பு எழுதி வைப்பது அதற்காகத்தான்.

## ஆளைக் கூட்டுவதா, அவர் வேலையைக் குறைப்பதா?

31-ஐ வைத்துக்கொண்டு ஓனரிடம் போக முடியாது. 27 தான் எல்லை. இனி 24-ஐத்தான் குறைக்க வேண்டும்.

ஓவர்டைம் என்றால் நாளுக்கு 10 மணி நேரம், 24 நாள் வேலை 19 நாள் சொச்சத்தில் முடியும், திட்டம் 26-ஐக் கொஞ்சம் தாண்டி முடியும். ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. அதோடு கூடவே பாய்லர்காரர், எலக்ட்ரீஷியன், தண்ணீர் மோட்டார் பார்ப்பவர் எல்லோரும் இருக்க வேண்டும். மூன்று வாரம் தொடர்ந்து இப்படி ஓட்டிய பிறகு இரவு எட்டு மணிக்கு மாற்றிய புரோகிராம் வரியை நான் நம்ப மாட்டேன். கடைசியில் ஒன்றிரண்டு நாளை மீட்க இதை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது இன்ஜினியரைக் கூப்பிடுவது இன்னொரு வழி. பல்பரை அவரிடம் கொடுக்கலாம். இந்தப் பேனலை முன்பின் பார்க்காதவர் என்பதால் 8 நாள் வேலைக்கு 10 வைத்தேன், அவருக்கு எல்லாம் காட்டிக்கொடுக்கத் தம்பிக்கு ஒரு நாள். அப்போது ஸ்டெரிலைசர் 11-ல் முடிந்து பின்வேலையோடு 17, சி.ஐ.பி. 17-ல் முடிந்து பின்வேலையோடு 21, பல்பர் எப்போதோ முடிந்திருக்கும். முடிவு 25. எல்லைக்குள் வந்துவிட்டோம். ஆனால் மே மாதத்தில் எல்லா மாங்கூழ் ஃபேக்டரியும் இதே மாதிரி ஆளைத்தான் தேடும், கேட்ட சம்பளம் கொடுக்க வேண்டும். சீசன் நடுவில் பல்பர் நின்றால் அந்தப் புரோகிராமை எழுதியவர் வேறெங்கோ இருப்பார் என்பதும் எனக்கு உறுத்தியது.

மூன்றாவது வழி, தம்பியையே கேட்பது. "இந்த 10 நாள்ல உன்னால மட்டும்தான் முடியும்ங்கிற வேலை எத்தனை நாள், தம்பி?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "7 நாள் இருக்கும்ணா. முதல் 3 நாள் ஐ.ஓ. செக். அது வயர் சரியா வந்திருக்கான்னு பாக்கறதுதான்" என்றார். சி.ஐ.பி.யில் 2 நாள், பல்பரில் 3 நாள் அப்படியே. மொத்தம் 24-ல் 8 நாள் ஐ.ஓ. செக்.

அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒருவர் டாங்கின் மேல் ஏறி லெவல் சுவிட்சைக் கையால் தூக்கிப் பிடிப்பார். கீழே பேனல் முன்னால் நிற்பவர் பி.எல்.சி. கார்டில் அதற்குரிய சின்ன பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து போனில் "வந்துச்சு" என்பார். வயரில் மாட்டிய நம்பர் டேக்கும் டிராயிங்கில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்து பென்சிலால் ஒரு டிக். வராவிட்டால் வயரைப் பிடித்துக்கொண்டே போய்த் தளர்ந்த திருகையோ மாறிப்போன இணைப்பையோ கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு டிராயிங் படிக்கத் தெரிந்த பொறுமையான எலக்ட்ரீஷியன் போதும். ஃபேக்டரியிலேயே இருபது வருஷமாக இருக்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். கூட ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையன்.

இப்போது தம்பிக்குப் பாக்கி 16 நாள். சி.ஐ.பி.க்கு 4, பல்பருக்கு 5, ஸ்டெரிலைசருக்கு 7. வரிசையை மறுபடியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூன்றும் இனி முதல் நாளே தயாராக இல்லை, அண்ணனின் ஐ.ஓ. செக் முடிந்தால்தான் தயார். ஸ்டெரிலைசரை முதலில் வைத்தால் தம்பி 3 நாள் காத்திருக்க வேண்டும், முடிவு 26. சி.ஐ.பி.யின் ஐ.ஓ. செக் 2 நாள்தான், அதை முதலில் வைத்தால் தம்பி 3-ம் நாளே தொடங்கலாம். சி.ஐ.பி.யை 6-ல் முடிப்பார். அதற்குள் ஸ்டெரிலைசர் செக் 5-ல் முடிந்திருக்கும். ஸ்டெரிலைசரை 13-ல் முடிப்பார், பின்வேலை 19 வரை. பல்பர் 18-ல் முடிந்து பின்வேலையோடு 21. டிரையல் முடிவது 25.

காத்திருக்கும் முதல் 2 நாளும் வீணில்லை. அந்த 2 நாள் தம்பி அண்ணனோடு சேர்ந்து நின்று செக் ஷீட் போடுவது எப்படி, அனலாக் சிக்னலில் எத்தனை மில்லி ஆம்பியர் வர வேண்டும் என்று காட்டிக்கொடுப்பார்.

இரண்டாவது இன்ஜினியரோடும் 25, இந்த வழியிலும் 25. நான் இதைத்தான் எடுத்தேன். செலவு குறைவு என்பது ஒரு காரணம். சீசனில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சென்சார் போனால் எந்த வயர் எங்கே போகிறது என்று தெரிந்த ஆள் ஃபேக்டரிக்குள்ளேயே இருப்பார் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இந்த முடிவு மாறும் இடங்களும் உண்டு. ஐ.ஓ. செக்கை நம்பிக் கொடுக்க ஃபேக்டரியில் ஆள் இல்லை என்றால் இரண்டாவது இன்ஜினியர்தான். தவறாக டிக் போட்ட ஷீட் ஒன்று வந்தால் அதைக் கண்டுபிடிக்கத் தம்பி செலவழிக்கும் நேரம் மிச்சப்பட்டதைவிடக் கூடிப்போகும். வேலையைப் பிரிக்கவே முடியாவிட்டாலும் இரண்டாவது இன்ஜினியர்தான். எல்லை 27-க்குப் பதில் 32 ஆக இருந்தால், வரிசையை மட்டும் சரி செய்து 31-ல் நிறுத்திக்கொள்வேன், ஆளைத் தேட மாட்டேன்.

நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பல்பரின் ஐ.ஓ. செக் ஒரு நாள் கூடுதலாக இழுத்தது, இரண்டு மோட்டாரின் சிக்னல் வயர் இடம் மாறிக் கிடந்தது. தம்பி அப்போது ஸ்டெரிலைசரில் இருந்தார், அதை முடிக்கும் வரை பல்பர் பக்கம் வர மாட்டார் என்பதால் அது யாரையும் தொடவில்லை. ஆனால் அதற்கு முன்பே சி.ஐ.பி.யில் ஒரு வால்வு வரிசையைத் திருத்த வேண்டியிருந்தது, 4 நாள் 5 ஆனது. லெவலிங் மட்டும் பண்ணி விட்டிருந்தால் அந்த வேலைக்குத் திரை 11 நாள் ஃப்ளோட் காட்டியிருக்கும், ஒருவரும் கவனித்திருக்க மாட்டோம். ஆள் இணைப்பு போட்டிருந்ததால் அன்று சாயங்காலமே டிரையல் முடியும் தேதி 26-க்கு நகர்ந்து நின்றது. ஓனருக்கு அன்றே போன் போட்டுச் சொன்னேன். 26-ம் நாள் தண்ணீர் டிரையல் முடிந்தது, 28-ம் நாள் காலை முதல் லாரி எடைமேடை ஏறியது.